எமோஜி – படவெழுத்து

எமோஜி என்பது ஜப்பானியச் சொல். அம்மொழியில் ‘எ’ என்பது படத்தையும் ‘மோஜி’ என்பது எழுத்தையும் குறிக்கும். உணர்ச்சியைக் குறிக்கும் ‘எமோஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்று பலர் எண்ணுவதற்கு ஒலி ஒற்றுமையே காரணம். அவ்விரண்டுக்கும் வேர்த் தொடர்பு இல்லை. உணர்ச்சியிலிருந்து பிறந்த சொல் ‘எமோட்டிகான்’ ஆகும். அது :-) என்பதைப் போல நிறுத்தக்குறிகளை அடுக்கி முகபாவம் காட்டுவதற்குரிய பெயர்.

ஜப்பானியக் கைப்பேசிகளில் 1990-களின் பிற்பகுதியில் இவ்வகைப் படங்கள் இடம்பெறத் தொடங்கின. 1999-இல் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதகா குரிதா உருவாக்கிய 176 படங்களின் தொகுதி அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் 6.0 பதிப்பு 2010-இல் நூற்றுக்கணக்கான எமோஜிகளுக்குத் தனித்தனிக் குறியெண்களை வழங்கியது. அன்று முதல் அவை உலகெங்கும் எழுத்துகளைப் போலவே தட்டச்சிடப்பட்டும் தேடப்பட்டும் வருகின்றன.

தமிழில் இதற்கு ‘உணர்குறி’, ‘உணர்ச்சிக்குறி’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. எமோட்டிகானுக்கு அவை பொருந்தும். எமோஜிக்குப் பாதியளவே பொருந்தும். ஒரு சமையல் குறிப்பில் முட்டையையும் வெங்காயத்தையும் சுட்டும் படங்களில் என்ன உணர்ச்சி இருக்கிறது? மூலச்சொல்லின் இரு பகுதிகளையும் அப்படியே தாங்கும் ‘படவெழுத்து’ என்பதே பொருத்தமானது என்பது என் முடிவு. காணும் உருவத்தை ஓவியனைப் போல எழுதிக் காட்டுவதற்குப் பழைய யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தியுரை ‘உருவெழுத்து’ என்று பெயரிட்டிருப்பதால், இக்கருத்து தமிழுக்குப் புதிதும் அன்று.

எழுத்து என்று கொண்டால் ஒரு கடமையும் உடன் வருகிறது: ஒரு குறிப்புக்குள் ஒரு படத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். வீட்டுச் சமையலர் ஒருவர் தக்காளி சேர்த்த முட்டைப் பொரியலைப் பின்வருமாறு எழுதினால் குழப்பம் நேராது.

🥚 முட்டை – 3
🧅 வெங்காயம் – 1
🍅 தக்காளி – 1
🧂 உப்பு – கால் தேக்கரண்டி
எண்ணெய் – 2 தேக்கரண்டி

🔪 வெங்காயத்தையும் தக்காளியையும் பொடியாக நறுக்கவும்.
🔥 மிதமான தீயில் எண்ணெயைச் சூடாக்கி, வெங்காயத்தைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கவும்.
⏲️ தக்காளியும் உப்பும் சேர்த்து, நீர் வற்றும்வரை 4 நிமிடம் கிளறவும்.
🥣 அடித்து வைத்த முட்டையை ஊற்றி, தீயைக் குறைத்துக் கிளறி இறக்கவும்.

இங்கே படம் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதே தவிர, சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. கரண்டியும் கையுமாக நிற்பவர் திரையை ஒரு கணம் பார்த்தால் எந்த வரியில் விட்டோம் என்று கண்டுகொள்ளலாம். அளவையும் பக்குவத்தையும் சொற்களே சொல்லும். முட்டைப் படத்தை மூன்று முறை இட்டு எண்ணிக்கை காட்டுவோர் உண்டு. முட்டைக்கு அது ஒருவாறு ஒத்துவரும். கால் தேக்கரண்டி உப்புக்கு என்ன செய்வது? மேலும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒவ்வொரு படத்தின் பெயரையும் உரக்கப் படிப்பதால், ‘முட்டை முட்டை முட்டை’ என்று அவர்களுக்குக் கேட்கக்கூடும்.

மேலுள்ள குறிப்பில் 🍳 இடம்பெறாததற்குக் காரணம் உண்டு. ஒருங்குறி அதற்கு இட்ட பெயர் ‘சமைத்தல்’. ஆனால் படத்தில் தெரிவது வாணலியில் பொரியும் முட்டை. எனவே அதைச் செயலாகவும் கொள்ளலாம், பொருளாகவும் கொள்ளலாம். 🔥 இன்னும் வழுக்கலானது: அடுப்பின் தீ, உணவின் காரம், ‘பிரமாதம்’ என்னும் பாராட்டு ஆகிய மூன்றுக்கும் அது வழங்குகிறது. அதைத் தீ என்று ஒருமுறை பயன்படுத்திவிட்டால், அதே குறிப்பில் காரத்துக்கு மீண்டும் இடுவது பிழை.

படம் இல்லாத பொருளுக்கு அண்டை வீட்டுப் படத்தை இரவல் வாங்குவதும் உண்டு. வெங்காயமும் பூண்டும் ஒருங்குறியில் 2019-இல்தான் சேர்ந்தன. இஞ்சி 2022-இல் வந்தது. பழைய கைப்பேசிகளில் இவற்றின் இடத்தில் வெறுங்கட்டம் மட்டும் தெரியலாம். அருகில் சொல் இருந்தால் அதனால் இழப்பில்லை. வெங்காயம்போல் தோன்றும் 🌰 உண்மையில் செஸ்ட்நட் என்னும் கொட்டை. எண்ணெய்க்குச் சிலர் இடும் 🛢️ பெட்ரோலியப் பீப்பாய். அதனால்தான் மேலே எண்ணெய் படமின்றி, எழுத்தில் மட்டும் நிற்கிறது.