சராசரி–பரவற்படி உகப்பாக்கம்: சொல் விளக்கம்

போன மாதம் முதலீட்டாளர்களுக்கான ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் ஒரு வரி ஓடியது: ‘சராசரி மாறுபாட்டு மேம்படுத்தல் முறையில் தயாரித்த முதலீட்டுக் கலவை’. இந்தத் தொடரை நான் பார்ப்பது இது நான்காவது முறை. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “மேம்படுத்திட்டாங்கன்னா, இப்ப நான் வச்சிருக்கறது மட்டம்னு அர்த்தமா சார்?” அந்தத் தொடரைப் படிக்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிழை அவருடையதல்ல, மொழிபெயர்த்தவருடையது.

மூலத்தில் இருப்பது ‘மீன்–வேரியன்ஸ் ஆப்டிமைசேஷன்’, கையில் இருக்கும் பணத்தை எதில் எவ்வளவு போடுவது என்று கணக்கிடும் முறை. முதல் இரண்டு சொற்களும் தனித்தனி அளவுகள்: எதிர்பார்க்கும் வருவாயின் சராசரி ஒன்று, அந்த வருவாய் எவ்வளவு சிதறுகிறது என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் நடுவே நிற்கும் சிறு கோடு ‘இதுவும் அதுவும்’ என்பதைக் காட்டிவிடுகிறது. தமிழில் ‘சராசரி மாறுபாடு’ என்று சேர்த்து எழுதினால் யாரும் அதை உம்மைத்தொகையாகப் படிக்கமாட்டார்கள். ‘சராசரி மழை’, ‘சராசரி வயது’ என்று பழகிய வாய் அது. எனவே ‘சராசரியான அளவு மாறுபாடு’ என்றுதான் மனம் பொருள் கொள்ளும். ஆக, இரண்டு அளவுகளை எடைபோடும் ஒரு முறை, தமிழில் ஒரே அளவாகச் சுருங்கிவிடுகிறது.

‘வேரியன்ஸ்’ என்ற சொல்லைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவர் ஆர். ஏ. ஃபிஷர், 1918இல். சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் விலகும் தூரத்தை வர்க்கப்படுத்தி, அந்த வர்க்கங்களுக்குச் சராசரி காண்பதுதான் அது. நம் பத்தாம் வகுப்புப் பாடநூல் இதை அப்படியே ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்கிறது, மேல்வகுப்புகளில் ‘பரவற்படி’. இலங்கை மாணவர்கள் ‘மாறற்றிறன்’ என்பார்கள், சராசரியை ‘இடை’ என்பார்கள். இவற்றில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. ‘மாறுபாடு’ மட்டும் வேண்டாம்; கருத்து வேறுபாடு முதல் விலை வித்தியாசம் வரை எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. நான் ‘பரவற்படி’யை எடுத்துக்கொள்கிறேன். ‘பரவல்’ என்பது காதில் விழுந்தவுடனே சிதறிக் கிடப்பது கண்ணில் தெரிகிறது.

சரி, இப்போது ‘ஆப்டிமைசேஷன்’, தலைப்பில் நான் ‘உகப்பாக்கம்’ என்று எழுதியது. லத்தீனில் ‘ஆப்டிமுஸ்’ என்றால் மிகச் சிறந்தது. இந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் ‘மேம்படுத்தல்’, ‘சிறந்ததாக்கல்’ என்றெல்லாம் ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் கணிதத்தில் அந்தச் சொல் செய்யும் வேலை வேறு. கூட்டவோ குறைக்கவோ வேண்டிய ஓர் அளவைக் கொடுக்கிறோம். சில கட்டுப்பாடுகளைக் கொடுக்கிறோம். சில மதிப்பீடுகளையும் கொடுக்கிறோம். அவற்றுக்கு உட்பட்டு அந்த அளவு உச்சமோ தாழ்வோ தொடும் இடத்தை அது கண்டுபிடித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு பொருளை முன்பிருந்ததைவிட நல்லதாக்குவது மேம்படுத்தல். சாலையை மேம்படுத்தலாம், பள்ளியை மேம்படுத்தலாம். உகப்பாக்கத்தில் ‘முன்பிருந்தது’ என்ற ஒன்றே கிடையாது. கொடுத்த எண்கள் தவறாக இருந்தால், அந்தத் தவறான எண்களுக்கு எது உச்சமோ அதை அது துல்லியமாகத் தரும்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரே மாதிரியான இரண்டு பங்குச்சார் பரஸ்பர நிதிகளை எடுத்துக்கொள்வோம், அ, ஆ என்று. இரண்டுமே பெரிய நிறுவனப் பங்குகளை வாங்குபவை. பரவற்படியின் வர்க்கமூலம்தான் திட்ட விலக்கம், இடரை அளப்பது அதை வைத்துத்தான்; இரண்டின் ஆண்டுத் திட்ட விலக்கமும் 20 சதவீதம். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். ஒட்டுறவுக் கெழு 0.95. வங்கி வைப்பின் வட்டிக்கு மேல் இரண்டும் ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் என்று மதிப்பிடுகிறோம். ஓர் அலகு இடருக்கு அதிக வருவாய் எந்தக் கலவையில் கிடைக்கும் என்று கேட்டால், விடை 50க்கு 50. எல்லாருக்கும் நியாயமாகத் தோன்றும் விடை.

இப்போது அ நிதியின் மதிப்பீட்டை மட்டும் 6.5 ஆக்குவோம். அரைச் சதவீதப் புள்ளிதான் மாற்றம். இரண்டின் திட்ட விலக்கமும் ஒன்றே என்பதால், ஒரு நிதியின் வருவாயிலிருந்து மற்றதன் வருவாயை ஒட்டுறவுக் கெழுவால் பெருக்கிக் கழித்து, வருவதைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் அதன் பங்கு கிடைக்கும். கணக்கு இப்படி:

```
அ : 6.5 − 0.95 × 6.0 =  0.800
ஆ : 6.0 − 0.95 × 6.5 = −0.175
கூட்டுத்தொகை        =  0.625
அ-வின் பங்கு = 0.800 / 0.625 =  128%
ஆ-வின் பங்கு = −0.175 / 0.625 = −28%
```

அதாவது ஆ நிதியைக் கடன் வாங்கி விற்று, கையில் இருக்கும் பணத்தையும் சேர்த்து, அ நிதியில் 128 சதவீதம் போடச் சொல்கிறது. அரைப் புள்ளியை ஆ நிதிக்குக் கொடுத்திருந்தால் விடை அப்படியே தலைகீழாகும். பரஸ்பர நிதி அலகுகளை யாரும் கடன் வாங்கி விற்க முடியாது என்பதால் ‘எதிர்மறைப் பங்கு கூடாது’ என்று கட்டுப்பாடு வைப்பார்கள். அப்போது விடை அ-வில் 100, ஆ-வில் பூஜ்யம். தொடக்கத்தில் சமபங்கு பெற்ற நிதி, அரைப் புள்ளியில் காணாமலே போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று கணக்குக்குத் தெரியும். ஒன்றே போல இருக்கும் இரண்டில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது என்று சொன்னால், ‘மட்டமானதை விற்று மேலானதை வாங்கு, பொது இடர் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்’ என்று அது முடிவெடுக்கிறது. ஒட்டுறவு 0.95க்குப் பதிலாக 0.9 ஆக இருந்திருந்தால் அதே அரைப் புள்ளிக்கு 88க்கு 12 என்றுதான் வந்திருக்கும். நிதிகள் எவ்வளவு நெருக்கமோ, ஆட்டம் அவ்வளவு பெரிது.

அந்த அரைப் புள்ளி உண்மையா என்று நமக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த இரண்டு நிதிகளின் வருவாய் வித்தியாசத்துக்கே ஆண்டுத் திட்ட விலக்கம் சுமார் 6.3 சதவீதம். 25 ஆண்டுத் தரவு கையில் இருந்தாலும், சராசரி வித்தியாசத்தின் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி தற்செயலாக எவ்வளவு தவறலாம் என்பதன் அளவு, சுமார் 1.26 புள்ளி. நாம் நம்பும் 0.5 அதில் பாதிகூட இல்லை. அரைப் புள்ளி வித்தியாசம் தற்செயலல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, அதாவது அது திட்டப் பிழையின் இரு மடங்காக இருக்க, ஏறக்குறைய 640 ஆண்டுத் தரவு வேண்டும். அத்தனை ஆண்டுகள் எந்தப் பங்குச் சந்தையும் நடந்ததில்லை. ஆகவே ‘மேம்படுத்திய கலவை’ என்று காட்டப்படும் 100க்குப் பூஜ்யம், பெரும்பாலும் அந்தத் தரவில் தற்செயலாக விழுந்த ஏற்றத்தின் படம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 6.5, 6 என்ற மதிப்பீடுகள் முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சமபங்குக் கலவையில் ஓர் அலகு இடருக்குக் கிடைக்கும் கூடுதல் வருவாய் 0.316. அந்த 128க்குக் கழித்தல் 28 கலவையில் 0.326. இவ்வளவு தலைகீழாகப் புரட்டியும் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கு அலகு. மலையுச்சி கூர்மையாக இல்லை, மேசை மாதிரி தட்டையாக இருக்கிறது. அந்தத் தட்டையான மேட்டில் ஒரு மில்லிமீட்டர் உயரமான இடத்தைத் தேடிக் கணக்கு நாலாபக்கமும் ஓடுகிறது. முதலீட்டாளரும் ஒவ்வொரு மறு ஒதுக்கீட்டுக்கும் பொருந்தும் வெளியேற்றக் கட்டணமும் மூலதன ஆதாய வரியும் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓட வேண்டும். ஆலோசகர் கொண்டுவரும் கலவை இந்த வகையா என்று அறிய ஒரே கேள்வி போதும்: “எதிர்பார்க்கும் வருவாயில் அரைப் புள்ளி மாற்றினால் இந்த ஒதுக்கீட்டு விகிதங்கள் எவ்வளவு மாறும்?” விடை பெரிதாகக் குதித்தால், அந்த விகிதங்களைத் தீர்மானித்திருப்பது மதிப்பீட்டுப் பிழைதான்.

இந்த முறையை 1952இல் எழுதிய ஹாரி மார்கோவிட்ஸ் தொடக்கத்திலேயே எல்லையைப் போட்டுவிட்டார். எதிர்கால வருவாய் பற்றிய நம்பிக்கைகளை உருவாக்குவது முதல் கட்டம், அவற்றை வைத்துத் தொகுப்பைத் தேர்வது இரண்டாம் கட்டம், தன் கட்டுரை இரண்டாவதை மட்டுமே பேசுகிறது என்று. 1990இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த எல்லையை அழித்துவிட்டார்கள். ‘மேம்படுத்தல்’ என்றவுடன் இரண்டு கட்டமும் ஒன்றாகி, எண்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியே எழாமல் போகிறது.

‘உத்தமமாக்கல்’ என்றொரு ஆக்கமும் உலவுகிறது. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. உத்தமன், உத்தமி என்று தமிழில் அந்தச் சொல் ஒழுக்கத்தைச் சுமந்து நிற்கிறது. ஒதுக்கீட்டுக் கணக்குக்கு அந்தச் சான்றிதழ் தகாது. ‘உச்சமாக்கல்’ பாதி சரி. ஆனால் இடரைக் குறைக்கும் கணக்குகளில் தேடுவது தாழ்ந்த புள்ளியை. அங்கே அது தடுமாறும்.

‘உகப்பாக்கம்’ இந்தச் சிக்கல்கள் எதிலும் மாட்டுவதில்லை. ‘உகப்பே உயர்தல்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நாம் இன்றும் ‘உகந்த நேரம்’, ‘உடலுக்கு உகந்த உணவு’ என்கிறோம். உகந்தது என்றால் எதற்கு, யாருக்கு என்ற கேள்வி கூடவே வரும். குழந்தைக்கு உகந்தது பெரியவருக்கு உகக்காது. கொடுத்த மதிப்பீட்டுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உகந்தது என்ற கணிதப் பொருளை இந்தச் சொல் தானாகவே சுமக்கிறது. ‘மேம்பட்டது’ என்று சொல்லும்போது அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 1989இல் ரிச்சர்ட் மிஷோ எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘ஆப்டிமைஸ்’ செய்தது ‘ஆப்டிமல்’ தானா என்று கேட்கிறது. இந்த முறை மதிப்பீட்டுப் பிழைகளையே பெரிதாக்குகிறது என்பதுதான் அவர் வாதம்: யதேச்சையாகக் கூடுதல் வருவாய் காட்டியவை, குறைந்த பரவல் காட்டியவை எவையோ அவற்றுக்கே அதிகப் பங்கு போகிறது. அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மேம்படுத்தியது மேம்பட்டதா?’ என்றால் குழப்பம்தான் மிஞ்சும். ‘உகப்பாக்கியது உகந்ததுதானா?’ என்றால் கேள்வி நேரே வந்து விழுகிறது.

எனவே தொடர் ‘சராசரி–பரவற்படி உகப்பாக்கம்’ என்று இருக்கட்டும், நடுக்கோட்டை விட்டுவிடாமல். உரையில் வரும்போது ‘சராசரியும் பரவற்படியும் கொண்ட உகப்பாக்கம்’ என்று உம் போட்டே எழுதலாம். அந்தக் கூட்டத்துத் திரையில் இருந்த வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘எங்கள் வருவாய் மதிப்பீடுகளின்படி உகப்பாக்கிய ஒதுக்கீடு, மதிப்பீடு மாறினால் இதுவும் மாறும்.’ ஆசிரியரிடம் அன்று இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “மதிப்பீடு யாருடையது?” என்று கேட்டார்.