ஆம்பஷூர்: உதட்டமைவு

டிரம்பெட் கற்கத் தொடங்குபவர் முதல் சில வகுப்புகளிலேயே கேட்டுவிடும் சொல் ஆம்பஷூர். ‘ஆம்பஷூர் கலைந்துவிட்டது, எடுத்து மறுபடி வை’ என்பார் ஆசிரியர். கருவியில் அப்படி ஒரு பாகம் கிடையாது. உதடுகள், வாயின் இரு ஓரங்கள், கன்னத் தசை, மோவாய், தாடை எல்லாம் சேர்ந்து, கருவியில் வாய் வைத்து ஊதும் பாகமான மவுத்பீஸை ஏற்றுக்கொண்டு, காற்றை வெளியே விட்டு, ஒலி பிறக்கும்படி நிற்கும் நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

புல்லாங்குழல், கிளாரினெட் வாசிப்பவர்களும் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டிரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகளில் இதன் பொருள் இன்னும் ஆழமாகிறது. நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி, உதடு அதைப் பிடித்து ஆள்கிறது. டிரம்பெட்டில் சீவாளி இல்லை, உதடுதான் அதிர்கிறது. நம் சங்கு, கொம்பு, எக்காளம் எல்லாமே இந்த வகைதான். குழாய்க்குள் வெறும் காற்றை எவ்வளவு வேகமாக ஊதினாலும் ‘உஸ்’ என்ற சத்தம்தான் வரும் என்பது சங்கை எடுத்து ஊதிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ‘பூஷ்’ என்றால் வாய், ‘ஆம்பூஷே’ என்றால் வாயில் வைத்தல். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ஆம்பஷூர். பிரெஞ்சில் இதற்கு இன்றும் பல பொருள்கள் உண்டு: ஆறு கடலில் சேரும் இடம், குதிரையின் வாயில் மாட்டும் கடிவாள இரும்பு, ஊதுகருவியின் மவுத்பீஸ், அதை ஊதும் வாயின் நிலை. ஆற்றின் வாயை நாமும் முகத்துவாரம் என்கிறோம். களனி ஆறு கடலில் கலக்கும் கொழும்புப் பகுதிக்குத் தமிழில் அதுவே பெயர்.

இன்னும் பின்னால் போனால் பூஷ் என்பதன் வேர் லத்தீனின் ‘புக்கா’. அதற்கு முதற்பொருள் கன்னம், குறிப்பாக உப்பிய கன்னம். பேச்சு வழக்கில் அது வாயைக் குறிக்கத் தொடங்கி, பிரெஞ்சில் வாய் என்றே நிலைத்துவிட்டது. வேரில் உப்பிய கன்னம் இருந்தாலும் டிரம்பெட் தொடங்குபவர் கன்னத்தை உப்பக்கூடாது. கன்னத்தைப் பல்லோடு ஒட்டிப் பிடித்து வைக்கும் தசைக்கு உடற்கூற்றியலில் ‘பக்சினேட்டர்’ என்று பெயர். லத்தீனில் அதற்கு எக்காளம் ஊதுபவன் என்று பொருள். அந்தத் தசை தளர்ந்தால் கன்னம் உப்பும், வாயோரம் நெகிழும், உதட்டின் நடுப்பகுதிக்குப் பிடிமானம் போய்விடும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி கன்னத்தைப் பந்துபோல் உப்பிக்கொண்டு வாசித்தவர்தான். ஆனால் தொடங்குபவருக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டும் ஆசிரியரைப் பார்ப்பது அரிது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வாயமைப்பு’ என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் அதைக் கேட்டால் பிறவியில் வந்த வாயின் வடிவம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘இவனுக்கு வாயமைப்பு சரியில்லை, டிரம்பெட் வராது’ என்று முடிவுகட்ட அது இடம் கொடுக்கும். ‘உதட்டுப் பிடி’ என்றால் மாணவர் இறுக்கத் தொடங்குவார். ‘இதழ்க்குவிப்பு’ அழகான சொல், ஆனால் செயலைத் தப்பாகச் சொல்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிந்து பிறப்பவை என்றும், பகர மகரங்கள் இதழ் இயைந்து பிறப்பவை என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. டிரம்பெட்டுக்கு வேண்டியது முன்னால் நீட்டிக் குவிக்கும் ‘ஊ’ அல்ல, இரண்டு உதடும் மெல்லச் சேர்ந்து நிற்கும் ‘ம்’. அதனால் உதட்டமைவு என்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். அமைவு என்றால் ஒன்றோடு ஒன்று பொருந்தி நிற்பது, பழக்கத்தால் வருவது. ஜெர்மானியர் இதற்குச் சொல்லும் ‘ஆன்சாட்ஸ்’ என்பதிலும் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தல் என்ற பொருள்தான் இருக்கிறது. இந்தப் பெயர்கள் எதிலும் அழுத்துதல் என்ற பொருள் இல்லை.

இனி உதட்டமைவு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். ‘ம்’ என்று சொல்லி வாயை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உதடு மூடியிருக்கட்டும், உள்ளே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சற்று விலகியிருக்கட்டும். பல்லைக் கடித்தால் காற்றுக்கு வழி இருக்காது. வாயின் இரு ஓரங்களையும் இருந்த இடத்திலேயே உறுதியாக்குங்கள். சிரிக்கும்போது இழுப்பதுபோல் பக்கவாட்டில் இழுக்கக்கூடாது, அப்படி இழுத்தால் உதடு மெலிந்து விறைக்கும். மோவாய் சுருங்கி மேலே ஏறாமல் தட்டையாக இருக்க வேண்டும், கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரம் உறுதி, நடு மென்மை. இப்போது நிதானமாகக் காற்றை விட்டால் நடுப்பகுதி மட்டும் திறந்து மூடி, திறந்து மூடி அதிரும். இதைத்தான் பஸ் செய்வது என்கிறார்கள், தமிழில் உதட்டதிர்வு எனலாம்.

குதிரை மூச்சுவிடுவதுபோல் ‘பர்ர்’ என்று தளர்ந்து துடித்தால் ஓரம் உறுதியாகவில்லை. காற்று மட்டும் வந்து அதிர்வே இல்லையென்றால் நடுவில் இடைவெளி அதிகம். ‘ம்’ நிலைக்குத் திரும்பி, காற்று போய்க்கொண்டிருக்கும்போதே உதடுகளை மெல்ல நெருக்கிப் பாருங்கள். வெறும் உதட்டால் அதிர்வு வரச் சிலருக்கு நாளாகும், அதற்காக இதிலேயே நின்றுவிட வேண்டாம். மவுத்பீஸின் விளிம்பு உதட்டுக்குத் தரும் ஆதரவு இதில் இல்லாததால், கருவியில் வாசிப்பதைவிட இதற்கு அதிக இறுக்கம் தேவைப்படுகிறது. நீண்ட நேரம் செய்தால் அந்த இறுக்கமே பழகிவிடும். வகுப்புக்கு முன் ஓரிரு நிமிடம் போதும்.

அப்புறம் மவுத்பீஸ். தொடங்குபவர்கள் பலர் வாங்கும் 7C அளவுள்ள மவுத்பீஸின் கிண்ணம் சுமார் 16 மில்லிமீட்டர் அகலம்தான். ஒலி முழுக்க அந்த வட்டத்துக்குள்தான் பிறக்கிறது. பக்கவாட்டில் முடிந்தவரை நடுவில் வைக்க வேண்டும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதில் ஒரே விதி இல்லை. பாரிஸ் இசைக்கல்லூரியில் டிரம்பெட்டைப் போன்ற கார்னெட் என்ற கருவியைக் கற்பித்த அர்பான் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் மூன்றில் ஒரு பங்கு மேலுதட்டிலும் இரண்டு பங்கு கீழுதட்டிலும் வைக்கச் சொன்னார். இன்று பல ஆசிரியர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று தொடங்கி, பல்லும் உதடும் கேட்கிறபடி சற்று நகர விடுகிறார்கள். ஆனால் விளிம்பு மேலுதட்டின் சிவந்த சதைமேல் உட்கார்ந்துவிடக்கூடாது. சிவப்புக்கு மேலே உள்ள தோலில் அது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர வேண்டிய சதையையே அது நசுக்கும்.

மவுத்பீஸை மட்டும் எடுத்து, தண்டின் கடைசியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து அதிர்வு செய்யுங்கள். ஒரு சுரம் நிலையாக வந்ததும் சைரன்போல் மேலும் கீழும் வழுக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் பிடிக்கும்போது அழுத்த வழியில்லை, எனவே மேலே போக உதடும் காற்றும்தான் வேலை செய்ய வேண்டும். பிறகு அதே உணர்வோடு கருவியில் பொருத்தி, வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால், ஐங்கோட்டில் கீழிருந்து இரண்டாம் கோட்டில் எழுதப்படும் ஜி என்ற சுரம் வரக்கூடும். பி-பிளாட் டிரம்பெட்டில் அது ஒலிக்கும்போது உதடு வினாடிக்குச் சுமார் 349 முறை திறந்து மூடுகிறது. சிலருக்கு அதற்குக் கீழே உள்ள சி முதலில் வரும், அதுவும் சரிதான்.

சிக்கல் தொடங்குவது அடுத்த படியில். ஜி நன்றாக வருகிற மாணவருக்கு அதற்கு மேலுள்ள சி வேண்டும். அதற்கும் வால்வு எதுவும் அழுத்த வேண்டாம், உதடும் காற்றும்தான் மாற வேண்டும். ஒருமுறை ஊதுகிறார், வரவில்லை. மறுமுறை கருவியை முகத்தை நோக்கி இழுக்கிறார், சி வந்துவிடுகிறது. அழுத்தும்போது உதடு பல்லோடு ஒட்டி மெலிகிறது, திறப்பு சிறிதாகிறது, அதனால் அதிர்வு வேகமாகிறது. குறுக்குவழி வேலை செய்ததால் கையும் அதைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் நசுங்கிய உதட்டில் ரத்த ஓட்டம் குறையும். சிறிது நேரத்தில் ஒலி மெலிந்து கூர்மையாகும், பிறகு மேலுதடு மரத்துப்போகும், முன்பு எளிதாக வந்த ஜி-கூடத் தொடங்கும்போது காற்றாகவே வரும். மாணவர் இன்னும் அழுத்துவார்.

அழுத்தமே கூடாது என்பதில்லை. காற்று ஓரத்தில் கசியாமல் அடைக்க ஓரளவு தேவை. அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜி-யை நீளமாக ஊதிக்கொண்டே கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து தளர்த்துங்கள். ஓரிடத்தில் காற்று கசிந்து ஒலி உடையும். அதற்குச் சற்று முன்னால் இருந்ததுதான் அந்தச் சுரத்துக்கு வேண்டிய அழுத்தம். பெரும்பாலோர் இதுவரை கொடுத்துவந்தது அதைவிட மிக அதிகம் என்று உணர்வார்கள்.

அடுத்து வலது சுண்டுவிரலைக் கவனியுங்கள். கருவியின் மேலுள்ள கொக்கியில் அதை மாட்டி இழுப்பதுதான் மிகுதியான அழுத்தத்துக்குப் பெரிய காரணம். பயிற்சியின்போது சுண்டுவிரலைக் கொக்கிக்கு வெளியே வைத்துவிடுங்கள். அந்தக் கொக்கி, ஒரு கையால் தாள் புரட்டும்போதோ ஒலியை அடக்கும் மியூட்டை மாட்டும்போதோ கருவியைத் தாங்கத்தான். எடையை இடது கை தாங்கட்டும். கீழ்த்தாடையைச் சற்று முன்னே கொண்டுவந்தால் இரண்டு பல்வரிசையும் நேராகி, விழும் அழுத்தம் கீழுதட்டுக்கும் பங்காகப் போகும். பெரும்பாலும் மேலுதடுதான் அதிகம் அதிர்வது, அதற்கு ஓய்வு வேண்டும்.

சரி, அழுத்தாமல் மேல் சி எப்படி வரும்? ஜி-யை ஊதிக்கொண்டே, நாக்கை ‘தா’ இடத்திலிருந்து ‘தீ’ இடத்துக்கு உயர்த்துங்கள். காற்று செல்லும் வழி குறுகி அதன் வேகம் கூடும். அதே நேரம் வாயோரங்கள் இன்னும் கொஞ்சம் உறுதிப்படட்டும், கை அசையக்கூடாது. முதலில் ஜி-யிலிருந்து கீழ் சி-க்கு இறங்கி மீண்டும் ஜி-க்கு நாக்கால் வெட்டாமல் ஏறுங்கள், அது எளிதான பிறகு மேல் சி-யை முயலுங்கள். மேல் சி அன்று வரவில்லை என்றால் விட்டுவிடலாம், சில வாரங்களில் வரும். இழுத்து வரவழைத்த சி-யைவிட வராத சி மேல்.

அழுத்தத்தின் கடைசி எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்லலாம். உயர்ந்த சுரங்களை விடாமல் வாசித்த அவருக்கு 1930-களில் உதடு பலமுறை புண்பட்டு, இடையிடையே வாசிப்பையே நிறுத்த வேண்டியிருந்தது. வாயைச் சுற்றியுள்ள வட்டத்தசை கிழிந்த டிரம்பெட் கலைஞர்களைப் பற்றி எழுதிய ஓர் அறுவை மருத்துவர், 1982-இல் அதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரைச் சேர்த்து ‘சாட்ச்மோ நோய்க்குறி’ என்று பெயரிட்டார். நாளுக்கு அரைமணி வாசிப்பவருக்கு அந்த நிலை வருவது அரிது.

உங்களுக்கு உதட்டில் தெரியும் சிவந்த வளையம் ஓர் அளவுகோல். வாசித்து முடித்ததும் லேசான வளையம் இருந்து சில நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. ஆழமாகப் பதிந்து நெடுநேரம் நின்றாலோ, உதட்டின் உள்பக்கம் பல்லின் தடம் தெரிந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து, ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வும் கொடுத்து வாசிப்பது நல்லது. பல்லில் கம்பி மாட்டியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் அழுத்தினாலே உள்ளுதடு கிழியும் என்பதால், கம்பிமேல் ஒட்டும் மெழுகைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.