ஈரத்தில் காயும் பூச்சு

வாசகர் ஒருவர் படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருந்தார். அவரிடம் ஜப்பானில் வாங்கிய ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. மூடியில் சிப்பி ஓட்டைப் பதித்துச் செய்த பூக்கொடி. விற்றவர், "இதை ஈரமான அலமாரிக்குள் வைத்துத்தான் காய வைப்போம்" என்று சொன்னாராம். இப்போது பூக்கொடியை ஒட்டி மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறது. "மழைக்காலத்தில் செய்து, சரியாகக் காயாத பெட்டியை என் தலையில் கட்டிவிட்டாரா?"

விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது காதில் விழும்போது பொய் போலத்தான் இருக்கும். ஈரத்தில் துணி காயாது, வடகம் காயாது, சுவரில் அடித்த பெயின்ட் காயாது. இது மட்டும் எப்படிக் காயும்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பெட்டிகளின் பூச்சை ஆங்கிலத்தில் லாக்கர் என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் லாக்ஷா, அதாவது அரக்கு. அது பூச்சி சுரக்கும் பிசின். ஜப்பான், சீனா, கொரியா நாடுகளின் பெட்டிகளில் இருப்பது அதுவல்ல. இது உருஷி என்ற மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரம் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 200 கிராம்தான் தரும். இந்த மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவு. சேராங்கொட்டைக்கும்தான். சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்தவர்களுக்கு உருஷிப் பால் என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை; இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்துப் பொருள். 'இயற்கையானது, அதனால் தீங்கில்லாதது' என்று நம்புகிறவர்களை ஒரு வாரம் உருஷிப் பட்டறையில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பூச்சி அரக்கு காய்வது எளிமையான விஷயம். சாராயத்தில் கரைத்துப் பூசுகிறோம், சாராயம் ஆவியாகிறது, அரக்கு மிஞ்சுகிறது. ஈரமான ஊரில் இதற்குத்தான் ஆபத்து. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை ஏறக்குறைய 27 டிகிரி. சாராயம் ஆவியாகும்போது பூச்சின் பரப்பைக் குளிரச் செய்யும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே கதை. மூன்று டிகிரி குறைந்தால் போதும், காற்றிலிருக்கும் ஈரம் பூச்சின் மேல் படிந்து, அரக்கு பால் போல வெளுத்துவிடும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், பரப்பு 15 டிகிரி வரை குளிர்ந்தால்தான் இந்தத் தொல்லை.

உருஷி இதற்கு நேர் எதிர். அது உலர்வதே இல்லை, இறுகுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மரத்திலிருந்து வடிந்த பாலில் பாதிக்கு மேல் உருஷியோல் என்ற எண்ணெய். கால் பங்கு அளவுக்குத் தண்ணீர், நுண்ணிய துளிகளாக அந்த எண்ணெய்க்குள் சிதறிக் கிடக்கும். அந்தத் துளிகளில் லாக்கேஸ் என்ற நொதி மிகக் கொஞ்சமாக இருக்கிறது. மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. வேலையெல்லாம் அதனுடையதுதான்.

ஒரு லாக்கேஸ் மூலக்கூறுக்குள் நான்கு தாமிர அணுக்கள். ஒன்று வாசலில் நிற்கிறது, மற்ற மூன்றும் உள்ளே கூட்டமாக இருக்கின்றன. வாசலில் நிற்கும் தாமிரம், பக்கத்தில் வரும் உருஷியோலிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து உள்ளே தள்ளுகிறது. பிறகு இன்னொன்று. உள்ளே மூன்று தாமிரங்களுக்கு நடுவில் காற்றிலிருந்து வந்த ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு காத்திருக்கிறது. நான்கு எலக்ட்ரான்கள் சேர்ந்ததும் அது இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளாக மாறி வெளியேறுகிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த உருஷியோல்கள் சும்மா இருக்க முடியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பிடித்தது பிடித்ததுதான். எண்ணெய் மெல்ல வலையாகிறது. ஒவ்வொரு உருஷியோலுக்கும் பின்னால் நீளமாக ஒரு கார்பன் வால் உண்டு. அந்த வால்கள் நொதியின் உதவியில்லாமல், ஆக்சிஜனை மட்டும் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தங்களுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும்.

லாக்கேஸ் உயிர்ப்பொருள். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு அசைவில்லை. காற்று வறண்டிருந்தால் மெல்லிய பூச்சிலிருக்கும் துளிகள் ஆவியாகிப் போய், நொதி அப்படியே நின்றுவிடும். பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அதனால்தான் ஈரத் துணி விரித்த மர அலமாரி. 20 முதல் 30 டிகிரி, 70 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் வைத்தால் ஒரே இரவில் தொட்டுப் பார்க்கும் பதத்துக்கு வந்துவிடும்.

இந்த நொதியின் வேலையை 1883-இல் வெளியிட்டவர் ஜப்பானிய வேதியியலாளர் ஹிகோரோகுரோ யோஷிதா. கைவினைஞரின் பாலைச் சூடாக்கினால் அது இறுகும் குணத்தை இழக்கிறது என்று பார்த்து, உள்ளே நொதி ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னார். நொதிகளைப் பற்றி உலகுக்கு அதிகம் தெரியாத காலம் அது. லாக்கேஸ் என்ற பெயர் ஏறக்குறைய பத்து வருடம் கழித்து வந்தது. இன்று துணித் தொழிற்சாலைகள் ஜீன்ஸ் துணியை வெளுக்க லாக்கேஸைப் பயன்படுத்துகின்றன. 'மரப்பால் ஏன் இறுகுகிறது' என்று இன்று ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால், உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமலே அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, ஈரம் வேண்டும் என்றால் ஈரமான ஊர் சொர்க்கம் அல்லவா? அதுதான் இல்லை. ஈரமும் சூடும் கூடினால் லாக்கேஸ் அவசரப்படும். ஆக்சிஜன் மேலிருந்து வருவதால் மேல்பரப்பு முதலில் இறுகி ஆடை கட்டிவிடும். அடியில் இருப்பது இன்னும் திரவம். மேலே ஆடை விரிய இடமில்லாமல் சுருங்கும், காய்ச்சி ஆறிய பாலின் ஏடு போல. அப்படிச் சுருக்கம் விழுந்த பூச்சைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. சிவப்புச் சாயம் கலந்த பூச்சாக இருந்தால் சுருங்காமல் தப்பினாலும் நிறம் பழுப்படித்துப் போகும். மெதுவாக இறுகினால்தான் சிவப்பு சிவப்பாகத் தெரியும். அதனால் மழைக்காலத்தில் மெதுவாக இறுகும் பாலை வேகமான பாலோடு கலந்து, முதலில் கண்ணாடித் துண்டில் தீற்றிப் பார்ப்பார்கள். இறுகிவிட்டதா என்று அறிய அதன் மேல் வாயால் ஊதுவார்கள். இறுகியிருந்தால் மூச்சு வெண்மையாகப் படியும்.

பூச்சு ஏன் அத்தனை மெல்லியதாக, அத்தனை முறை என்பதற்கும் இதுவே காரணம். ஒரு பூச்சு ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்தால் ஆடை கட்டும். சீனாவில் பூச்சின் மேலேயே சிற்பம் செதுக்குவார்கள். அதற்கு 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்றால் நூறு பூச்சு. நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல்.

வாசகரின் சிப்பிப் பூவுக்கு வருவோம். மெல்லிய சிப்பித் தகடு 0.1 மில்லிமீட்டர் இருக்கும். அதைக் கறுப்புப் பரப்பில் ஒட்டிவிட்டு, மேலேயே பூசுவார்கள். சிப்பி பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும்; நான்கு பூச்சில் சுற்றியுள்ள பரப்பு சிப்பியின் உயரத்துக்கு வந்துவிடும். பிறகு தண்ணீர் விட்டுக் கரித்துண்டால் தேய்க்கத் தேய்க்க, பூ மறுபடி வெளியே வரும். தடித்த சிப்பி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் இந்தக் கணக்கு முப்பதைத் தாண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. உருஷியில் மண்தூளைக் குழைத்து அடித்தளமாகப் பூசிச் சுற்றியுள்ள பள்ளத்தை நிரப்புவார்கள்.

இங்கே பொறுமைக்குச் சோதனை. கார்பன் வால்கள் முடிச்சுப் போட்டு முடியும் வரை பூச்சு மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சிப்பி சுருங்காது. அவசரப்பட்டுத் தேய்த்து மட்டம் செய்தால், சில மாதம் கழித்துச் சுற்றிலும் பூச்சு இறங்கிச் சிப்பி மேடாகத் தெரியும். விரலுக்குத் தெரியாது. பெட்டியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் சிப்பி ஓரத்தில் நெளிந்தால் அதுதான்.

ஆனால் வாசகருடைய கீறல் வேறு ஜாதி. படத்தில் அது மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி நேராகப் போகிறது. அது பூச்சின் குற்றமல்ல, அடியிலிருக்கும் பலகையின் வேலை. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நாருக்குக் குறுக்காக உப்பும், சுருங்கும். 75 சதவீத ஈரக் காற்றில் இருக்கும் பலகைக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். 45 சதவீதக் காற்றில் 8 சதவீதம். சாதாரணமாக அறுத்த பலகை, தண்ணீர் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதம் மாறும். மூடியின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால், ஆறு சதவீத மாற்றத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் சிப்பி ஒரு மயிரளவும் சுருங்காது. ஏதோ ஓர் இடத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஈரமான ஊரில் பெட்டி செய்பவரின் உண்மையான தலைவலி இதுதான். பூச்சு இறுக எந்த ஈரம் வேண்டுமோ, அதே ஈரத்தை மரம் குடித்து உப்பிவிடும். அதனால் பலகையை வருடக்கணக்கில் ஆற வைப்பார்கள். அசைவு பாதியாகக் குறையும்படி ஆர வாக்கில் அறுப்பார்கள். மேல் பூச்சுக்கு முன்பே உள்ளும் புறமும் உருஷியை ஊட்டி, துணி ஒட்டி மூடுவார்கள். உள்பக்கத்தைப் பூசாமல் விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து மூடி வளையும். இவ்வளவு செய்தாலும் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. ஒரு நாள் மழை உள்ளே போகாது, ஒரு பருவம் போகும்.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சிப்பி பதித்த ஜப்பானியப் பெட்டிகளிலும் இதே கீறல்கள் உண்டு. அவசர ஏற்றுமதிக்காகப் பலவற்றின் அடித்தளத்தில் உருஷிக்குப் பதில் விலங்குப் பசையைக் கலந்தார்கள். அந்தப் பசை ஈரத்தில் இளகும், வறண்டால் சுருங்கி விடும். கணப்பு மூட்டிய வறண்ட அறைகளில் சிப்பிகள் எழும்பிக்கொண்டன.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை. 1873 வியன்னா கண்காட்சிக்குப் போன ஜப்பானியப் பொருள்களை ஏற்றி வந்த நீல் என்ற கப்பல் 1874 மார்ச்சில் ஜப்பானின் இசு கடலோரம் மூழ்கியது. ஒன்றரை வருடம் போல உப்புத் தண்ணீரில் கிடந்த உருஷிப் பொருள்கள் சில, பெரிய சேதமில்லாமல் மேலே வந்தன. நன்றாக இறுகிய உருஷிக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே வாசகருக்கு: பெட்டி சரியாகத்தான் காய்ந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரி, உள்ளே தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு. அந்த விளக்கு பெட்டியை நாள் முழுக்க வறுக்கிறது. வெளிச்சமும் உருஷியின் மினுமினுப்பைத் தின்னும். விளக்கை அணைத்து, ஏசிக் காற்று நேரே படாத, வெயில் விழாத இடத்துக்கு மாற்றுங்கள். கீறலில் மெழுகோ எண்ணெயோ விட வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் அதே கீறலை மறுபடி படம் எடுங்கள். பாதி மூடியிருந்தால் சுருங்கியது மரம்தான் என்பது உறுதி.