‘நாளைக்கு வஞ்சிரம் ஒரு பத்து’ என்றால் எந்த நாளைக்கு, எந்தப் பத்து?

பாண்டியிலும் கடலூரிலும் சின்னதும் நடுத்தரமுமான சில ஓட்டல்களுக்குக் கொள்முதல் கணக்கு பார்ப்பது என் தொழில். மாதக் கடைசியில் பில்லையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிற வேலை. போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் காதுகுத்துச் சாப்பாடு, 60 பேர். சனி ராத்திரி கடையை மூடி, கல்லாவை எண்ணி முடித்துவிட்டு ஓட்டல்காரர் மீன்காரருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: “அண்ணே, நாளைக்குக் கொஞ்சம் கூட்டம் இருக்கும். வஞ்சிரம் ஒரு பத்து, இறால் ஒரு அஞ்சு, காலையில சீக்கிரம் அனுப்பிடுங்க.” போட்ட நேரம் 12.20.

மீன்காரர் அதைக் கேட்டது விடியற்காலை நாலு மணிக்கு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில். அவருக்கு அப்போது ஞாயிறு பிறந்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது. நாளைக்கு என்றால் திங்கள். ஓட்டல்காரருக்கோ தூங்கி எழுந்தால்தான் மறுநாள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒன்பதரைக்கு மசாலா தடவ மாஸ்டர் நிற்கிறார், மீன் வரவில்லை. பத்தரைக்குப் பெரிய மார்க்கெட்டுக்கு ஆள் ஓடி, மிச்சம் இருந்த சின்ன மீனைச் சொன்ன விலைக்கு வாங்கி வந்தான். வந்த பதற்றத்தில், ஏற்கெனவே போட்ட ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்குப் பத்து கிலோ வஞ்சிரமும் அஞ்சு கிலோ இறாலும் ஒழுங்காக வந்து இறங்கின. திங்கட்கிழமை எங்கள் பக்கம் பலரும் கவிச்சி தொடமாட்டார்கள்.

இதைச் சொன்னால் எல்லா முதலாளிகளிடமும் ஒரே பதில்தான். “பத்து வருஷமா அவர்தான் போடுறாரு சார், அவருக்குத் தெரியாதா?” தெரியும். அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் சரக்கை எடுத்து வைப்பது அவரா? ஏலத்தில் நிற்கிறவர் அவர். ஐஸ் பெட்டியில் எடை போட்டு அடுக்குகிறவன் அவரிடம் போன மாதம் சேர்ந்த பையன். டூ வீலரில் கொண்டு வருகிறவன் இன்னொருத்தன். ‘வழக்கம் போல’ என்பது அவருடைய மண்டைக்குள் இருக்கிறது, பையனின் போனில் இல்லை. அவருக்கே காய்ச்சல் வந்து தம்பி கடையைப் பார்த்தால் உங்கள் வழக்கம் என்ன ஆகும்? அதுவும் போகட்டும், உங்கள் வழக்கம் உங்களுக்காவது தெரியுமா? ஒரு ஓட்டலில் ‘வழக்கமான கோழி’ எவ்வளவு என்று முதலாளியையும் மாஸ்டரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் 15 கிலோ என்றார், மற்றவர் 15 உருப்படி என்றார். தோலோடா தோல் நீக்கியா என்று அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

சரி, அந்தப் பத்தை எடுத்துக்கொள்வோம். பத்து கிலோவா, பத்து மீனா? கிலோ என்றே வைத்தாலும் முழு மீனா, வெட்டிய துண்டா? தலை, குடல், வால் போனால் பத்து கிலோ வஞ்சிரத்தில் கையில் நிற்பது ஏழு, ஏழரை கிலோ. தட்டுக்கு 120 கிராம் துண்டு ஒன்று, 60 தட்டு என்றால் 7.2 கிலோ. ஆக, முழு மீனாகப் பத்து கிலோ சொன்னதுதான் சரி. வெட்டிச் சுத்தம் செய்தது பத்து கிலோ என்று அவர் புரிந்துகொண்டால் உங்கள் பில் எகிறும். அளவும் முக்கியம். ஒரு கிலோ மீன் பத்து வந்தாலும் எடை சரிதான், ஆனால் துண்டு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கும். தவா வறுவலுக்கு மூணு, நாலு கிலோ மீன் வேண்டும் என்றால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். இறால் இன்னும் மோசம்: தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

நான் அந்த ஓட்டல்காரருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இதுதான்:

> ஞாயிறு, 22-ந் தேதி. காலை 8.00-க்குள் பின் வாசலில்.
> 1. வஞ்சிரம்: முழு மீனாக 10 கிலோ. ஒரு மீன் 3 முதல் 4 கிலோ. எடை போட்ட பிறகு துண்டு போடவும், தலை தனியாக.
> 2. இறால்: ஓட்டோடு 5 கிலோ, நடுத்தரம்.
> வஞ்சிரம் இல்லையென்றால் 5.30-க்குள் போன் செய்யவும். கேட்காமல் வேறு மீன் வேண்டாம்.
> பார்த்ததும் ‘சரி’ என்று போடவும்.

கடைசிக்கு முந்தைய வரியை நீட்டி முழக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் வஞ்சிரம் கேட்டால் பாறை மீன் வரும், பில்லில் மட்டும் பெயர் வஞ்சிரம் என்றே இருக்கும். ‘காலையில சீக்கிரம்’ என்பதும் நேரமே இல்லை. துறைமுகத்தில் நிற்பவருக்குச் சீக்கிரம் என்றால் அஞ்சு மணி. அந்த நேரத்துக்கு உங்கள் கடைக்கு வந்தால் ஷட்டர்தான் வரவேற்கும்.

மளிகையிலும் இதே கூத்துதான், ஒன்றே ஒன்று சொல்கிறேன். ‘எண்ணெய் 4 டின்’ என்று எழுதுகிறீர்கள். டின் 15 கிலோவிலும் வருகிறது, 15 லிட்டரிலும் வருகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 15 லிட்டர் சுமார் 13.65 கிலோதான். பழைய கடைக்காரர் கிலோ டின் போட்டார், புதியவர் லிட்டர் டின் போட்டு விலையைக் குறைத்தார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். நாலு டின்னில் 5.4 கிலோ எண்ணெய் குறைவாக வந்ததை நான் மூன்று மாதம் கழித்துத்தான் பிடித்தேன். டின்னின் மேல் அச்சிட்டதைப் படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இனி சில விஷயங்களைக் கறாராகவே சொல்கிறேன். வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். ஏலக் கூச்சலில், மீன் பிடித்த ஈரக் கையோடு அதை யார் கேட்பது? ராத்திரி ஒன்பதரைக்குள் அனுப்புங்கள். கடை மூடிய பிறகு நினைவுக்கு வருவதை, வேளையோடு மாஸ்டரிடம் கேட்டே தெரிந்துகொண்டுவிடலாம். நாளைக்கு என்ற வார்த்தையை எழுதவே எழுதாதீர்கள், கிழமையும் தேதியும் போடுங்கள். திருத்தம் வந்தால் ‘கூட ரெண்டு’ என்று ஒட்டுப் போடாதீர்கள். பத்தோடு இரண்டா, ஏற்கெனவே பன்னிரண்டு ஆக்கியதோடு இரண்டா? ‘பழையதை விடவும், இதுதான் ஆர்டர்’ என்று முழுதாகத் திரும்ப அனுப்புங்கள். சரக்கு வந்ததும் அந்த மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு தராசில் போடுங்கள், வந்த ஆள் நிற்கும்போதே. அவன் போன பிறகு கண்டுபிடித்த குறையை எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார், நானாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘சரி’ வரவில்லை என்றால் ஆர்டர் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு ஒரு போன் போட்டுவிடுங்கள், தயவுசெய்து. இரண்டு நீலக் கோடு விழுந்தால் பார்த்தார் என்றுதான் அர்த்தம், எடுத்து வைத்தார் என்று அர்த்தமில்லை.

அந்தக் காதுகுத்து ஓட்டல்காரர் இப்போது எனக்கும் ஒரு நகல் அனுப்புகிறார். நேற்று 9.10-க்கு வந்தது, கிழமை, தேதி, கிலோ, நேரம் எல்லாம் சரியாக இருந்தது. காய்கறிக்காரருக்குப் போன மெசேஜில் மட்டும் கடைசி வரி: ‘கொத்தமல்லி கொஞ்சம்.’ எத்தனை கட்டு என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.