நூறு பிள்ளைக்காரியின் கணக்கு

கொழும்பில் டெங்கு விழிப்புணர்வு அனிமேஷன் என்று யாராவது கேட்டு வந்தால், வில்லன் எப்படி வருவான் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். கறுப்பு நிறம், கோரைப்பல், ஈட்டி போல மூக்கு, நள்ளிரவில் நிலா வெளிச்சத்தில் பறந்து வந்து "ஹா ஹா ஹா, உங்கள் இரத்தம் எனக்கே" என்று ஒரு கத்தல். அப்புறம் ஒரு சிறுவன் மட்டையால் அடிப்பான், படம் முடிந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டால் "நுளம்பை அடிக்க வேண்டும்" என்பார்கள். சுகாதாரப் பரிசோதகர் சொல்லிக் கொடுக்க நினைத்தது அதுவல்ல.

அந்த வில்லனுக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் கோளாறு. கெட்டவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. எதையும் தேடி வராதவனிடமிருந்து எதைத் தடுப்பது? படத்தின் செய்தி "தேங்கிய தண்ணீரை அகற்று" என்றால், அந்தத் தண்ணீர் வில்லனுக்கு உயிராக இருக்க வேண்டும். நல்லவேளையாக, உண்மையான டெங்கு நுளம்பிடம் அந்தக் காரணம் தயாராகவே இருக்கிறது. கடிப்பது பெண் நுளம்பு மட்டும்தான், அதுவும் முட்டைக்காக. தன் உயிரை ஓட்டுவதற்கு அதற்குப் பூந்தேன் போன்ற இனிப்பு போதும். முட்டை வளரப் புரதம் வேண்டும், அது இரத்தத்தில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டை இடும். ஆக, நாம் கோரைப்பல் வரைந்த இடத்தில் இருப்பது ஒரு தாய்.

அண்மையில் நாங்கள் எழுதிய ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீடு. அபிக்கு ஒன்பது வயது, தங்கச்சி மீனுவுக்கு ஐந்து. ஜன்னலோரத்தில் அம்மா ஆசையாக வைத்த மணிபிளாண்ட் போத்தல். அதன் விளிம்பில் வரிக்காலி. டெங்கு நுளம்பின் காலில் வெள்ளை வரிகள் இருப்பதால் அந்தப் பெயர்.

முதல் வரைவில் வரிக்காலிக்கு வேறொரு காரணம் இருந்தது: புகையடித்தபோது அவளுடைய அம்மா செத்துப்போனாள், அதற்குப் பழிவாங்க வருகிறாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தூக்கி எறிந்துவிட்டோம். பழிவாங்கும் வில்லியை நிறுத்த வேண்டுமென்றால் அவளைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டிலும் போத்தலுக்கு வேலை இல்லை. அதோடு, புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. கதையின் கோபம் புகைமேல் இருந்தால் பிள்ளைகளின் கவனமும் புகையோடு போய்விடும். வில்லியின் ஆசையை எந்தப் பொருளில் கட்டுகிறோமோ அதைத்தான் பார்வையாளர் வீட்டில் தேடுவார்.

சரி, காரணம் கிடைத்துவிட்டது. அதை அவள் வாயால் சொல்லும் பேச்சுதான் கஷ்டம். நாங்கள் கடைசியில் வைத்தது இது:

"நான் உங்கள தேடி வரல்ல. தண்ணி வச்சுக் கூப்பிட்டது நீங்கதான். எனக்குப் பூந்தேன் போதும், முட்டைக்குப் போதாது. முட்டைக்கு ரத்தம் வேணும். இந்தக் காய்ச்சல்கூட என்னோடது இல்ல, உங்க ஆள் ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான். எனக்கு நூறு பிள்ளை. உனக்கு ஒரு தங்கச்சி. நூறு பெருசா, ஒண்ணு பெருசா? எண்ணிப் பார்."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தண்ணீர் வைத்தது மனிதர்கள்தான். வைரஸும் அப்படித்தான்: காய்ச்சல் உள்ள ஒருவரைக் கடித்துத்தான் நுளம்பு அதை வாங்குகிறது, அது உடம்பில் பெருகி எச்சில்வரை வந்துசேர ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும், அதற்குப் பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கிறது. வில்லி பொய் சொல்லிவிட்டால் பார்வையாளருக்கு வேலை சுலபமாகிவிடும். "பொய்க்காரி" என்று முத்திரை குத்திவிட்டு அவளைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடுவார். அவள் சொல்வதெல்லாம் உண்மை, கடைசியில் போடுகிற கணக்கு மட்டும் பிழை என்றால்தான் அவர் கூடவே தலையாட்டிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றுவிடுவார். இங்கே அந்த இடம் "நூறு பெருசா, ஒண்ணு பெருசா". தங்கச்சியைத் தலை எண்ணிக் கழிக்க முடியாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதை யாரும் விளக்க வேண்டியதில்லை, விளக்கினால் கெட்டுவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வைரஸ் பற்றிய வரி இல்லாவிட்டால் இவள் வில்லியே இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கடித்துவிட்டுப் போகிற பூச்சியை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நிஜ நுளம்புக்கு அது தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கதைக்குள் வரிக்காலி மீனுவின் காய்ச்சலைக் கண்ணால் பார்க்கிறாள், தான் கொடுத்தது என்றும் அறிகிறாள், அப்படியும் போத்தலை விட்டு நகரவில்லை. தேவை அவளைப் புரியவைக்கிறது, தெரிந்துகொண்டே நகராமல் இருப்பது அவளை வில்லியாக்குகிறது.

பேச்சு எங்கே வருகிறது என்பதும் முக்கியம். மீனு காய்ச்சலில் படுத்த காட்சிக்கு முன்னால் இதை வைத்துப் பார்த்தோம். அனிமேட்டிக்கில், அதாவது கோட்டோவியங்களைத் தற்காலிகக் குரலோடு ஓடவிடும் பதிப்பில், வரிக்காலி பாவப்பட்ட தாயாகவே தெரிந்தாள். தீங்கைக் காட்டாமல் நியாயத்தைக் கேட்கவைத்தால் பார்வையாளர் நியாயத்தின் பக்கம் போய்விடுவார். பின்னால் தீங்கு வரும்போது மனம் மாற்றிக்கொள்ள அவருக்குக் கஷ்டம். அதனால் மீனு முதலில் படுக்கிறாள், பேச்சு பிறகு வருகிறது. அதுமட்டும் போதாது என்று ஷாட்டிலும் அவளை வைத்தோம். முன்னால் போத்தல் விளிம்பில் வரிக்காலி, பின்னால் கட்டிலில் மங்கலாக மீனு. "உனக்கு ஒரு தங்கச்சி" என்ற இடத்தில் கூர்மை முன்னாலிருந்து பின்னால் போகிறது, அவ்வளவுதான். காமிரா அதற்கு மேல் எதுவும் செய்யாது.

நீளம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பேச்சில் 36 சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல் என்று வைத்துக்கொள்கிறேன். இடைநிறுத்தங்களோடு சேர்த்து 25 நொடி. நொடிக்கு 24 பிரேம் என்றால் 600 பிரேம், ஒரு ஓவியத்தை இரண்டு பிரேம் பிடித்தால் 300 ஓவியம். தயாரிப்பாளர் ஒருவர் "இன்னும் நாலு வரி சேர்ப்போமே" என்று சொல்லும்போது நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். சேர்க்க வந்த வரிகள் பெரும்பாலும் அவளுடைய சோகத்தைப் பற்றியவையாகவே இருக்கும். ஒரு சோக வரி புரிதலைக் கொடுக்கும். நாலு சோக வரி வந்தால் கதையே அவளுடையதாகிவிடும்.

நுளம்பு வில்லியில் ஒரு வசதியும் உண்டு. அவளுக்கு உதடு இல்லை, ஊசிமூக்குத்தான். அதனால் வாயசைவு பொருத்தும் வேலை மிச்சம், சிங்களக் குரலைப் பின்னால் மாற்றிப் போட்டாலும் படம் பொருந்தும். பதிலுக்கு நடிப்பு முழுவதும் தலைச்சாய்விலும் முன்கால்களிலும் வர வேண்டும். "முட்டைக்குப் போதாது" என்னும்போது அவள் ஒரு காலால் போத்தலின் உள்சுவரைத் தடவுகிறாள். தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புப் புள்ளிகளாக முட்டைகள். டெங்கு நுளம்பு முட்டையை ஒட்டவைப்பது அங்கேதான்.

குரல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் வெள்ளவத்தையில் ஒரு பேச்சு, கொட்டாஞ்சேனையில் ஒரு பேச்சு, மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் இன்னொன்று. வில்லிக்கு ஒரு வட்டாரப் பேச்சும் அபிக்கு வேறு வட்டாரப் பேச்சும் கொடுத்தால், பிள்ளைகள் கெட்டதனத்தை அந்தப் பேச்சோடு ஒட்டிவைத்துக்கொள்வார்கள். வகுப்பில் பக்கத்து வாங்கில் இருப்பவனும் அப்படித்தான் பேசுவான். எங்கள் படத்தில் எல்லோருக்கும் ஒரே கொழும்புப் பேச்சு. குரல் கொடுத்தவரிடம் கேட்டதெல்லாம் மிரட்டாதீர்கள், பக்கத்து வீட்டு அம்மா வாடகை பற்றிப் பேசுவதுபோலப் பேசுங்கள் என்பதுதான்.

பேச்சு முடிந்ததும் அபி பதில் சொல்வதில்லை. ஒரு வரைவில் சொன்னான், "ஒரு உயிரும் நூறு உயிரும் சமம்" என்று ஏதோ. பட்டிமன்றம் மாதிரி ஆகிவிட்டது, வாதத்தில் வென்றவன் யார் என்று பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது அவன் போத்தலை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, பிரஷால் உள்சுவரைத் தேய்க்கிறான். தேய்ப்பதை முழுசாகக் காட்டுகிறோம், ஏனென்றால் கொட்டினால் மட்டும் போதாது. ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். வரிக்காலி அடிபட்டுச் சாவதில்லை. அடித்தால் திரையில் கைதட்டல் விழும், அதோடு போத்தல் மறந்துபோகும். அவள் அடுத்த மாடிக்குப் பறக்கிறாள், அங்கே பீலியில் இலை அடைத்து மழைநீர் நிற்கிறது.

நேரமும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் ஓவியர்கள் பழக்கத்தில் இரவு வரைந்துவிட்டார்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் காலையிலும் மாலை மங்குவதற்கு முன்னும்தான் கடிக்கும். பள்ளிவிட்டு வந்த நேரத்து மஞ்சள் வெயிலில் அந்தக் காட்சியை மாற்றியபோது பேச்சுக்கும் நல்லதாகப் போயிற்று. இருட்டு இருந்தால் எந்த நியாயமும் சதிபோலக் கேட்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அனிமேட்டிக்கைப் பிள்ளைகளிடம் போட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்போம். அவளுக்கு என்ன வேண்டும்? அவள் சொன்னதில் எது உண்மை? அபி போத்தலை அப்படியே விட்டிருக்கலாமா? முதல் கேள்விக்கு "எல்லாரையும் கொல்ல" என்று வந்தால் காரணம் திரையில் ஏறவில்லை, பேச்சைத் தொடாமல் முட்டைகளை இன்னும் கிட்டக் காட்டுவோம். மூன்றாவது கேள்விக்கு "விட்டிருக்கலாம், பாவம்" என்று வந்தால் மீனுவைப் போதிய அளவு காட்டவில்லை. அப்போதும் பேச்சின் சொற்களைத் திருத்த மாட்டோம், அவள் கட்டிலில் இருக்கும் நேரத்தைக் கூட்டுவோம். ஒரு பிள்ளை "பாவம்தான், ஆனா தேய்க்கத்தான் வேணும்" என்றது. நாங்கள் தேடியது அந்தப் பதில்.

சுகாதாரத் துறையில் வேலை செய்யும் ஒருவர் நுளம்புக்கு அம்மா வேடம் கொடுப்பது ஆபத்து என்றார். 2017-இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவான காலத்தைப் பார்த்தவர் அவர், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பொறுத்தவரை நானும் அவர் பக்கம். அந்த வயதில் ஒரு வாதத்தைக் கேட்டு, அதை ஏற்காமல் இருப்பது கடினம், பாவம் என்று தோன்றியவர் நல்லவராகிவிடுவார். பாலர் பாடசாலைகளுக்குப் போகும் பதிப்பில் பேச்சை முழுசாக எடுத்துவிட்டோம். வரிக்காலி போத்தலுக்கு வருகிறாள், முட்டையிடுகிறாள், அபி தேய்க்கிறான், அவள் அடுத்த போத்தலைத் தேடிப் போகிறாள். 25 நொடி மிச்சமாயிற்று, அதில் பீலியைச் சுத்தம் செய்யும் காட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம்.