எஞ்சின் ஓடும்போது 12.6 வோல்ட்: டைனமோவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

நான்கு வருடம்கூட ஓடாத ஒரு பெட்ரோல் கார் என்னிடம் வந்தது. உரிமையாளர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது அது 12.3, 12.4 என்றே காட்டியது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் இருக்க வேண்டுமே என்று பயந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். அவர்களும் மீட்டர் வைத்துப் பார்த்து, டைனமோ போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகும் அதே 12.4. சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வசதியும் பல வாரங்களாக வேலை செய்யவில்லை. அந்த இரண்டாவது புகாரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

14 வோல்ட் கணக்கு பழைய வண்டிகளுக்குச் சரி. அவற்றில் ரெகுலேட்டர் டைனமோவுக்குள்ளேயே இருக்கும். எஞ்சின் ஓடினால் 13.8 முதல் 14.4 வரை பிடித்து வைத்திருக்கும், அதைத் தாண்டி எதையும் யோசிக்காது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று எஞ்சின் கம்ப்யூட்டர்தான் டைனமோவுக்குச் சொல்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு கரன்ட் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, வோல்டேஜ், வெப்பநிலை எல்லாவற்றையும் அது அளந்து அனுப்பும். பேட்டரி போதுமான அளவு நிறைந்திருந்தால், கம்ப்யூட்டர் டைனமோவின் சுமையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும்.

பேட்டரியை முழுக்க நிரப்பாமல் சுமார் 80 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் வேண்டுமென்றே செய்வதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் வேகத்தில் உள்ள சக்தி சும்மாதானே வீணாகிறது? அந்த நேரத்தில் டைனமோவை முழு மூச்சில் ஓடவிட்டு 14.5 முதல் 15 வோல்ட் வரை ஏற்றி, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குள் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். அதனால் சீராக ஓடும்போது 12.5, 12.7 என்று இருப்பது இந்த வண்டிகளில் சாதாரணம். வேகமெடுக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உண்மையிலேயே டைனமோ செத்துப்போன வண்டியிலும் மீட்டர் முதலில் 12.4தான் காட்டும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

முதலில் எங்கே அளக்கிறோம் என்று பாருங்கள். லைட்டர் சாக்கெட்டில் காட்டுவது, நீளமான வயர், ஃபியூஸ், தளர்ந்த தொடுமுனை எல்லாவற்றிலும் இழந்தது போக மிச்சம். மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதே வைக்க வேண்டும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மீது அல்ல. இந்த வண்டியில் அப்படி வைத்தபோது ஐடிலிங்கில் 12.7 வந்தது. அதே நேரத்தில் சாக்கெட்டில் 12.4. முதல் பயத்தில் 0.3 வோல்ட் வெறும் வயரிங் இழப்புதான்.

அப்புறம், எண்ணைவிட அதன் நடத்தையைக் கவனியுங்கள். செத்த டைனமோ என்றால் வண்டி முழுவதும் பேட்டரியிலிருந்தே குடிக்கிறது. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டால் 12.2, 12.0, 11.8 என்று இறங்கிக்கொண்டே போகும், மேலே வரவே வராது. நல்ல டைனமோ நின்ற இடத்திலேயே நிற்கும். பல வண்டிகளில் ஹெட்லைட்டும் ஹீட்டரும் போட்ட சில நொடிகளில் 14ஐத் தாண்டும். இதில் 14.2க்கு ஏறியது. உறுதிப்படுத்த ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஒரு ஓட்டம் போனோம். ஓட்டியவர் காலை எடுத்த ஒவ்வொரு முறையும் 14.8, மறுபடி மிதித்தால் 12.5. சும்மா நிற்க வைத்து ஐடிலிங்கில் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கழற்றிப்போட்ட பழைய டைனமோவும் அனேகமாக நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

பேட்டரி ஒயரை எஞ்சின் ஓடும்போதே கழற்றி, எஞ்சின் அணையாவிட்டால் டைனமோ நல்லது என்று சொல்லும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். கம்ப்யூட்டர்களில் எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, டைனமோ நல்லது. அப்படியானால் சிக்னலில் எஞ்சின் ஏன் அணையவில்லை? மூன்றாவது கருவி இங்கேதான் உதவியது: டிசி கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர். வோல்டேஜைவிட எனக்கு இதன் மீதுதான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் பேட்டரிக்குள் போகிறதா வெளியே வருகிறதா என்பதை நேராகச் சொல்லிவிடும். 12.7 வோல்ட்டில், 80 சதவீதம் நிறைந்த பேட்டரி ஒன்றிரண்டு ஆம்பியருக்கு மேல் வாங்கத் தேவையில்லை. இது அரை மணி நேரம் ஓடி வந்த பிறகும் 5 ஆம்பியர் வாங்கிக்கொண்டிருந்தது. பசி அதிகம். ஆனால் ஸ்கேனரில் பேட்டரியின் நிலை 81 சதவீதம்.

கிளாம்பை மாட்டும்போதே கண்ணில் பட்டது: மைனஸ் குமிழில் கம்பெனி ஒயரோடு இன்னொரு மெல்லிய கறுப்பு ஒயரும் இருந்தது. டேஷ்போர்டு கேமராவின் எர்த். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்யும் வகை. எர்த்தைச் சேசிஸில் கொடுக்காமல், வசதியாக இருக்கிறதே என்று சென்சாருக்கு முன்னாலேயே குமிழில் முறுக்கிவிட்டார்கள். அந்த ஒயரில் போகும் கரன்ட் சென்சாரைக் கடக்காது; கம்ப்யூட்டரின் கணக்கில் அது இல்லவே இல்லை. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு அளந்தபோது 0.35 ஆம்பியர். 12 மணி நேரம் நின்றால் 4 ஆம்பியர்-மணி போய்விடும், தினமும்.

கேமரா ஒயரைக் கழற்றி, பானெட்டைத் திறந்தே வைத்து, வண்டியைப் பூட்டி ஒரு இரவு விட்டேன். காலையில் கதவைத் தொடாமல் குமிழில் அளந்தேன். கதவைத் திறந்தால் உள்ளே உறங்கும் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு அளவைக் கெடுக்கும். எஞ்சின் அணைந்த உடனே அளப்பதிலும் பயனில்லை, ஓட்டத்தில் ஏறிய மேலோட்டமான சார்ஜ் பொய் சொல்லும். வந்தது 12.2. இந்த வகைப் பேட்டரிக்கு அது ஏறக்குறைய பாதி. நிறைந்திருந்தால் 12.6க்கு மேல் இருந்திருக்க வேண்டும். 81 சதவீதம் என்று நம்பிய கம்ப்யூட்டர், பாதிக் காலியான பேட்டரிக்கு 12.7 வோல்ட் போதும் என்று விட்டிருக்கிறது. இருந்தாலும் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ஆழமாக விழுவதை வைத்து, சிக்னலில் அணைப்பதை மட்டும் தவிர்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கேமராவின் எர்த்தைச் சேசிஸ் போல்ட்டுக்கு மாற்றினேன். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும், வெளியிலிருந்து சார்ஜர் மாட்டும்போதும் இதே காரணத்துக்காக மைனஸைச் சேசிஸில்தான் கொடுக்க வேண்டும். அப்படியே மாட்டி பேட்டரியை ஒரு முழு இரவு சார்ஜ் செய்தோம். மறுநாள் ஐடிலிங்கில் வோல்டேஜ் அதே 12.7, ஆனால் உள்ளே போன கரன்ட் 1 ஆம்பியர். நான்காம் நாள் சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்தது என்று உரிமையாளர் போன் செய்தார். சாக்கெட்டில் மாட்டிய மீட்டர் இன்னும் 12.4தான் காட்டுகிறதாம், கழற்றி வைத்துவிட்டார்.