ஃபால்ஸ் சீலிங் கொட்டேஷன்: ரேட்டைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள்

இன்டீரியர் வேலையில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் எது சார் கம்மி?" என்று கேட்பார்கள். எந்த ரேட்டையும் பார்க்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள்?

அண்மையில் வந்த ஒரு தம்பதியின் அறை 12க்கு 14 அடி. நடுவில் கான்கிரீட் கூரையை அப்படியே விட்டுவிட்டு, சுவரை ஒட்டிச் சுற்றிலும் 2 அடி அகலத்துக்கு ஜிப்சம் போர்டு, அதன் உள் விளிம்பில் மறைவாக ஸ்ட்ரிப் லைட். கொட்டேஷன் கொடுத்த இருவரில் முதலாமவர் தரையளவை அப்படியே எடுத்து 168 சதுர அடி என்று போட்டிருந்தார். இரண்டாமவர் போர்டு வரும் இடத்தை மட்டும் அளந்திருந்தார். அடிப்பக்கம் 88 சதுர அடி. லைட்டை மறைக்கும் 3 அங்குல விளிம்பு, 36 அடி நீளத்துக்கு 9 சதுர அடி. அதற்கு அரை அடி பின்னால் கூரை வரை ஏறும் 8 அங்குல அடைப்பு 40 அடி நீளம், அதாவது ஏறக்குறைய 27. மொத்தம் 124.

முதலாமவரின் சதுர அடி ரேட்டை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாமவர் ரேட் 120. பார்த்தவுடன் முதலாமவர்தான் மலிவு என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: முதலாமவருக்கு 16,800, இரண்டாமவருக்கு 14,880. ரேட் கூடினவர்தான் மலிவு!

ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. முதலாமவர் பட்டி, பிரைமர், இரண்டு கோட் பெயின்ட் எல்லாம் சேர்த்தே சொல்லியிருந்தார். இரண்டாமவர் தாளில் பெயின்ட் என்ற சொல்லே இல்லை. கேட்டபோது, அதற்குச் சதுர அடிக்கு 20 தனி என்றார். 124 அடிக்கு 2,480. இப்போது அவருடைய தொகை 17,360. மறுபடியும் முதலாமவர் மலிவு. ஒரே வேலையை ஒரே அளவில் எழுதி வாங்கினால்தான் ஒப்பிட முடியும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது உள்ளே மறைந்துவிடும் கம்பிச் சட்டம். போர்டைத் தாங்கும் சேனல்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று வர வேண்டும், ஸ்க்ரூ 9 அங்குலத்துக்கு ஒன்று. சேனலை 2 அடி இடைவெளியில் அடித்தால் இரும்பு மிச்சம், ரேட்டும் குறையும். ஆனால் நாள்பட நாள்பட போர்டு இரண்டு சேனலுக்கு நடுவில் லேசாகத் தொய்யும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஸ்ட்ரிப் லைட் சாய்வாகப் பட்டதும் அலை அலையாகத் தெரியும். அதனால் இடைவெளியையும் போர்டின் தடிமனையும் (12.5 மி.மீ.) கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். போர்டு ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டு எண்ணிக்கையையும் நீங்களே சரிபார்க்கலாம். 6க்கு 4 அடி போர்டு ஒன்று 24 சதுர அடி. 124 அடிக்குக் கழிவும் சேர்த்து 6 போர்டு போதும்.

சரி, லைட்டுக்கு வருவோம். இரண்டு தாளிலும் "ஸ்ட்ரிப் லைட் 2 ரோல்" என்று இருந்தது. ஒரு ரோல் 5 மீட்டர். உள் விளிம்பின் சுற்றளவு 36 அடி, அதாவது 11 மீட்டர். இரண்டு ரோலில் ஒரு மீட்டர் குறைகிறது. ஒரு மூலை இருட்டாகவே இருந்திருக்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே தொடராக இழுத்தால் கடைசிப் பக்கம் மங்கும் என்பதால், மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் டிரைவரிலிருந்து தனி வயர் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் என்றால் மொத்தம் 110 வாட். டிரைவர் அதே அளவில் இருந்தால் எப்போதும் சூடாகவே ஓடிச் சீக்கிரம் போய்விடும். 150 வாட் வாங்குங்கள். அப்புறம், அந்த டிரைவரைக் கை விட்டு எடுக்கும்படியான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். போர்டுக்குள் மூடிவிட்டால், அது பழுதாகும் நாளில் சீலிங்கை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு தாளிலுமே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தோம். டவுன்லைட்டுக்கு ஓட்டை போடுவது, சுவிட்ச் போர்டிலிருந்து வயர் இழுப்பது, லைட்டை மாட்டுவது. சீலிங்காரர் அதை எலக்ட்ரீஷியன் வேலை என்றார், எலக்ட்ரீஷியன் ஓட்டை போடுவது சீலிங்காரர் வேலை என்றார். ஆறு டவுன்லைட், ஒரு ஸ்ட்ரிப், மொத்தம் ஏழு பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு, ஓட்டையும் சேர்த்து என்று எலக்ட்ரீஷியனிடம் தனியாக எழுதி வாங்கினார்கள். முதலாமவரையும் 124 சதுர அடிக்கே புதுக் கொட்டேஷன் தரச் சொன்னார்கள். அவர் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றித்தான் கொடுத்தார். இருந்தாலும் மொத்தம் முன்பைவிடக் குறைந்தது.